கூம்ஸ் பாசிட்டிவ்: சிவப்பணுவின் மேல் ஒட்டியிருப்பது எது?

இரத்தச் சோகையோடு வந்த ஒருவரின் அறிக்கையில் ‘நேரடி ஆன்டிகுளோபுலின் சோதனை: பாசிட்டிவ்’ என்ற வரியை, அதாவது கூம்ஸ் சோதனையின் முடிவைப் பார்த்தவுடன், அதை ஒரு நோயின் பெயராகவே எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நோயாளிகள் மட்டுமல்ல, மருத்துவர்களில் பலரும் ‘கூம்ஸ் பாசிட்டிவ்’ என்றால் உடல் தன் அணுக்களையே தாக்கும் தன்னெதிர்ப்பு, தன்னெதிர்ப்பு என்றால் ஸ்டீராய்டு என்று இரண்டே அடியில் சிகிச்சைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்தச் சோதனை கேட்கும் கேள்வி மிகக் குறுகியது. குழாயில் இருக்கும் இந்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பில், அவை உடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதே, ஐஜிஜி வகை எதிர்ப்பொருளோ, இரத்தத்தின் தற்காப்புப் புரதத் தொகுதியான காம்ப்ளிமென்டின் துண்டோ வந்து ஒட்டியிருந்ததா என்பதுதான் அது. ஒட்டியது எது, அதை ஒட்டவைத்தவர் யார், அதனால் சிவப்பணு சிதைகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. இவற்றுள் முதல் கேள்வியைச் சரியாகக் கேட்டாலே, எதிர்ப்பொருள் உடற்சூட்டிலேயே ஒட்டும் வெப்ப வகைத் தன்னெதிர்ப்புச் சோகையும், அது குளிரில் ஒட்டும் குளிர் அக்ளூட்டினின் நோயும் பெரும்பாலும் பிரிந்துவிடும். அவ்விரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு என்பதால், அந்தப் பிரிவினையைத்தான் இந்தக் கட்டுரை பின்தொடர்கிறது.

சோதனையின் அடிப்படை எளிது. சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது; அதனால் அவை ஒன்றையொன்று விலக்கி, இடைவெளி விட்டு மிதக்கின்றன. ஐஜிஜி மூலக்கூறு சிறியது. அதன் இரண்டு கைகளும் அந்த இடைவெளியைத் தாண்டி அடுத்த அணுவைப் பிடிக்கப் பெரும்பாலும் எட்டுவதில்லை. ஆகவே ஐஜிஜி ஒட்டிய சிவப்பணுக்கள் பார்வைக்கு இயல்பாகவே, தனித்தனியாகவே தெரியும். மனித ஐஜிஜியையே பிடிக்கக்கூடிய இன்னொரு எதிர்ப்பொருளை அவற்றோடு சேர்த்தால், அது ஓர் அணுவின் மேலுள்ள ஐஜிஜியையும் அடுத்த அணுவின் மேலுள்ள ஐஜிஜியையும் இணைத்துப் பாலம் போட்டுவிடும். அணுக்கள் கண்ணுக்குத் தெரியும்படி திரளும். அந்த இரண்டாவது எதிர்ப்பொருளே ஆன்டிகுளோபுலின். இந்தக் கொள்கையை 1908-இலேயே கார்லோ மோரெஸ்கி விவரித்திருந்தார் என்றாலும், 1945-இல் கேம்பிரிட்ஜில் ராபின் கூம்ஸ், ஆர்தர் மோரன்ட், ராபர்ட் ரேஸ் ஆகியோர் அதைத் தனியாகக் கண்டடைந்து இரத்த வங்கிக்குள் கொண்டுவந்த பிறகே அது புழக்கத்துக்கு வந்தது. கூம்ஸ் பயிற்சியால் கால்நடை மருத்துவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

செய்முறையும் சுருக்கமானது. உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் எடுத்த இரத்தத்தின் சிவப்பணுக்களை உப்புநீரில் மூன்று அல்லது நான்கு முறை கழுவ வேண்டும். பிளாஸ்மாவில் மிதக்கும் ஐஜிஜி ஏராளம். அதில் சிறிது மிஞ்சினாலும், சேர்க்கப்போகும் ஆன்டிகுளோபுலினை அது முந்திக்கொண்டு பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும், உண்மையில் பாசிட்டிவான மாதிரியும் நெகட்டிவாகத் தெரியும். அதனால்தான் குழாய் முறையில் நெகட்டிவ் வந்த ஒவ்வொரு குழாயிலும் ஐஜிஜி பூசிய கட்டுப்பாட்டு அணுக்களைச் சேர்த்து, அவை திரள்கின்றனவா என்று பார்ப்பது விதி. அவை திரளாவிட்டால் அந்த நெகட்டிவ் செல்லாது. ஜெல் கார்டு முறையில் கழுவும் வேலை இல்லை. திரண்ட அணுக்கள் ஜெல்லின் மேலே தங்கிவிடும், திரளாதவை அடியில் போய் அமரும். திரளின் பலத்தை 0 முதல் 4+ வரை குறிப்பார்கள்.

முடிவைப் படிக்கும்போது நினைவில் இருக்க வேண்டிய முதல் செய்தி, இந்தச் சோதனை எவ்வளவு நுண்மையானது என்பதும், எவ்வளவு குருடானது என்பதும். ஆரோக்கியமான ஒருவரின் ஒவ்வொரு சிவப்பணுவிலும் சில பத்து ஐஜிஜி மூலக்கூறுகள் எப்போதும் இருக்கின்றன. குழாய் முறை ஓர் அணுவுக்கு ஏறத்தாழ 100 முதல் 500 மூலக்கூறுகள் சேர்ந்தால் பாசிட்டிவ் காட்டத் தொடங்கும். அந்த எல்லையைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் அணு சிதைவதில்லை. இரத்த தானம் செய்ய வரும் நலமானவர்களில் 1,000 பேரில் ஒருவர் முதல் 14,000 பேரில் ஒருவர் வரை பாசிட்டிவாக இருப்பதாகவும், மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிகளில் இந்த விகிதம் 1 முதல் 15 சதவீதம் வரை போவதாகவும் பல காலமாகப் பதிவாகியிருக்கிறது. மைலோமா போன்ற நோய்களில் பிளாஸ்மாவில் குளோபுலின் மிகுந்தாலோ, சிரை வழியாக இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தாலோ, அணுவின் மேல் ஐஜிஜி சும்மா வந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொரு புறம், ஐஜிஜியின் துணை வகைகளில் ஒன்றும் மூன்றும் அணுவை அழிக்க வல்லவை, இரண்டும் நான்கும் பெரும்பாலும் தீங்கற்றவை. வழக்கமான சோதனை இவற்றைப் பிரித்துச் சொல்வதில்லை. ஆகவே 1+ காட்டும் ஒருவர் கடுமையாகச் சிதைந்துகொண்டிருக்கலாம், 3+ காட்டும் இன்னொருவர் நலமாக நடமாடலாம்.

எனவே வரிசை முக்கியம். சிவப்பணுச் சிதைவு நடக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்: எல்டிஹெச் உயர்வு, ஹாப்டோகுளோபின் சரிவு, நேரடியற்ற பிலிருபின் உயர்வு, ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்களின் பெருக்கம். சிதைவு இருக்கும் ஒருவரிடம் வரும் பாசிட்டிவ் சுமார் 83 சதவீதம் நம்பத்தக்கது, சிதைவு இல்லாதவரிடம் வரும் பாசிட்டிவ் 1.4 சதவீதமே பொருளுள்ளது என்று 1980-களில் கணக்கிடப்பட்டது; அந்த இடைவெளியே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. எந்தக் காரணமும் இன்றி ‘பார்த்துவைப்போம்’ என்று எழுதிக்கொடுக்கும் கூம்ஸ் சோதனை, விடையைவிடக் குழப்பத்தையே அதிகம் தருகிறது என்பது என் கருத்து.

சிதைவு உறுதியான பிறகு, பாசிட்டிவ் என்பதை உடைத்துப் பார்க்க வேண்டும். முதலில் குழாயில் சேர்க்கும் ஆன்டிகுளோபுலின் மருந்து பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கும் கலவை: ஐஜிஜிக்கு எதிரானதும், சி3டி என்னும் காம்ப்ளிமென்ட் துண்டுக்கு எதிரானதும் அதில் சேர்ந்தே இருக்கும். அது பாசிட்டிவ் ஆனால் அடுத்ததாக ஐஜிஜிக்கு மட்டும், சி3டிக்கு மட்டும் எனத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இந்த இரண்டாம் படியைச் செய்யாமல் நிறுத்திய அறிக்கை பாதி அறிக்கை.

ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ், அல்லது ஐஜிஜியும் சி3டியும் சேர்ந்து பாசிட்டிவ் என்றால், அது பெரும்பாலும் வெப்ப வகை. அந்த எதிர்ப்பொருள் 37 டிகிரியிலேயே அணுவைப் பற்றிக்கொள்கிறது, கழுவினாலும் விடுவதில்லை. மண்ணீரலில் உள்ள பெருவிழுங்கி அணுக்கள் அந்த ஐஜிஜியின் வால்பகுதியைப் பிடித்து, அணுவின் சவ்வில் ஒரு துண்டைக் கடித்தெடுக்கின்றன. சவ்வு குறைந்து உள்ளடக்கம் அப்படியே இருப்பதால் மிச்ச அணு உருண்டையாகிவிடுகிறது. இரத்தப் பூச்சில் தெரியும் ஸ்பீரோசைட்டுகள் இவைதாம். அடுத்த சுற்றில் அவை மண்ணீரலின் குறுகிய வழிகளில் சிக்கி அழிகின்றன. அழிவு நடக்கும் இடம் மண்ணீரல், அழிப்பவை ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் விழுங்கி அணுக்கள். அதனால் ஒரு கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் பிரெட்னிசலோன் தொடங்கினால், நால்வரில் மூவர் அளவுக்குத் தொடக்கத்தில் பலன் பெறுகிறார்கள். இந்தப் பகுதி ஓரளவு நேரானது.

சி3டி மட்டும் பாசிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ் என்று வரும்போதுதான் விஷயம் சுவையாகிறது. ஏனெனில் அந்த முடிவு காட்டுவது குற்றவாளியை அல்ல, அவன் விட்டுச்சென்ற கால்தடத்தை. குளிர் அக்ளூட்டினின் நோயில் எதிர்ப்பொருள் ஐஜிஎம் வகை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது ஒரே குலத்து பி அணுக்கள் சுரக்கும், கப்பா சங்கிலி கொண்ட ஐஜிஎம். அது தேடுவது வயது வந்தவர்களின் சிவப்பணுக்களில் நிறைந்திருக்கும் ‘ஐ’ ஆன்டிஜெனை, அதாவது பெரிய எழுத்தில் எழுதப்படும் ஐ வகையை. விரல் நுனி, காது மடல், மூக்கு நுனி ஆகிய இடங்களில் இரத்தம் குளிரும்போது அந்த ஐஜிஎம் அணுவைப் பற்றுகிறது. ஐந்து கிளைகள் கொண்ட பெரிய மூலக்கூறு என்பதால் அது அணுக்களை நேரடியாகவே திரளச் செய்யும்; விரல்கள் நீலம் பாய்வது அதனால்தான். அதே நேரத்தில் அது காம்ப்ளிமென்டின் முதல் கண்ணியான சி1-ஐத் தூண்டிவிடுகிறது. அதிலிருந்து சங்கிலித் தொடராக சி4, சி2, சி3 எனச் செயல்பட்டு, அணுவின் மேல் சி3பி படிகிறது. பிறகு இரத்தம் உடலின் நடுப்பகுதிக்குத் திரும்பிச் சூடாகிறது, ஐஜிஎம் கழன்றுவிடுகிறது. சி3பி கழலாது, ஏனெனில் அது அணுவோடு வேதிப் பிணைப்பால் ஒட்டியிருக்கிறது.

இனி நடப்பதுதான் கூம்ஸ் முடிவுக்கு உண்மையான பொருள் தருகிறது. சி3பி அணிந்த அணுக்களில் ஒரு பகுதியைக் கல்லீரலில் உள்ள கூப்ஃபர் அணுக்கள் பிடித்து விழுங்குகின்றன. பிடிபடாமல் தப்பிய அணுக்களின் மேலுள்ள சி3பியை, பிளாஸ்மாவிலுள்ள ஐ காரணி என்ற நொதி படிப்படியாக வெட்டிச் சுருக்கி, கடைசியில் சி3டி என்ற சிறு மிச்சமாக்கிவிடுகிறது. அந்த மிச்சத்தைக் கல்லீரலின் விழுங்கி அணுக்களால் அடையாளம் காண முடியாது; அந்த அணு பல நாட்கள் பாதுகாப்பாகச் சுற்றி வரும். ஆகவே குளிர் அக்ளூட்டினின் நோயாளியின் இரத்தத்தில் 3+, 4+ எனப் பலமாகத் திரளும் அணுக்கள் அழிந்துகொண்டிருப்பவை அல்ல. அவை தாக்குதலைக் கடந்து வந்தவை. இதை உணராதவர்கள், சி3டியின் பலத்தை வைத்து நோயின் கடுமையை அளக்க முயன்று ஏமாறுகிறார்கள்.

ஐஜிஎம்மை ஏன் நேராகத் தேடக்கூடாது என்ற ஐயம் இயல்பாகவே எழும். வழக்கமான சோதனையில் ஐஜிஎம்முக்கு எதிரான மருந்து சேர்ப்பதில்லை. சேர்த்தாலும், உடற்சூட்டில் இருந்தபோதோ கழுவும்போதோ ஐஜிஎம் ஏற்கனவே விலகியிருக்கும் என்பதால் கிடைப்பது குறைவு. அந்த நோயில் நம் கையில் சிக்கும் நிலையான சான்று சி3டி மட்டுமே.

இதை ஒரு நோயாளியின் வழியே பார்த்தால் தெளிவாகும். அறுபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர், சில மாதங்களாகக் களைப்பு என்று வருகிறார் என வைத்துக்கொள்வோம். எண்ணும் கருவியின் அறிக்கையில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 8.2 கிராம், சிவப்பணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 15 லட்சம், அணுவின் சராசரிக் கொள்ளளவு 114 ஃபெம்டோலிட்டர், அணுவுக்குள் ஹீமோகுளோபினின் செறிவைக் காட்டும் எம்சிஹெச்சி 48. இந்தக் கடைசி எண்ணிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஒரு சிவப்பணுவுக்குள் அடைக்கக்கூடிய ஹீமோகுளோபினுக்கு ஓர் எல்லை உண்டு. எம்சிஹெச்சி 36-ஐத் தாண்டுவதே அரிது, 48 என்பது உடலில் நடக்க இயலாதது. அறை வெப்பத்தில் இருந்த குழாயில் அணுக்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொண்டன. கருவி ஒவ்வொரு திரளையும் ஒரே பெரிய அணுவாக எண்ணியது. எண்ணிக்கை குறைந்தது, கொள்ளளவு கூடியது. ஹீமோகுளோபினை மட்டும் கருவி அணுக்களைக் கரைத்த பின்பே அளப்பதால் 8.2 என்பது சரி. அதே குழாயை 37 டிகிரியில் சிறிது நேரம் வைத்து மீண்டும் ஓட்டியதும் எண்ணிக்கை 25.5 லட்சம், கொள்ளளவு 97, எம்சிஹெச்சி 33.2 என்று மாறுகிறது. கூம்ஸ் சோதனைக்கு முன்பே, ஒரு வெதுவெதுப்பான நீர்த்தொட்டி நோயைப் பாதி சொல்லிவிட்டது.

ரெட்டிகுலோசைட் 6 சதவீதம், எல்டிஹெச் 480, நேரடியற்ற பிலிருபின் 2.1, ஹாப்டோகுளோபின் அளவிட முடியாத அளவுக்குக் குறைவு. சிதைவு உறுதி. கூம்ஸ் சோதனைக்கு அனுப்புகிறார்கள். முதல் முறை கலவை மருந்திலும், ஐஜிஜி மருந்திலும், சி3டி மருந்திலும் எல்லாவற்றிலும் 2+ திரள் வருகிறது. அவசரமாகப் படிப்பவர் இதை ‘ஐஜிஜியும் காம்ப்ளிமென்டும் பாசிட்டிவ், ஆகவே வெப்ப வகை’ என்று எழுதிவிடுவார். ஆனால் நான்காவது குழாய் ஒன்று உண்டு: எந்த ஆன்டிகுளோபுலினும் சேர்க்காமல், வெறும் உப்புநீரோ ஆல்புமினோ சேர்த்த கட்டுப்பாட்டுக் குழாய். அதிலும் 2+ திரள். அப்படியானால் அணுக்கள் ஆன்டிகுளோபுலினால் திரளவில்லை. குளிர்ந்த உப்புநீரில் கழுவியதால் ஐஜிஎம் விலகாமல் நின்று, தானாகவே அவற்றைத் திரட்டியிருக்கிறது. கட்டுப்பாட்டுக் குழாய் திரண்டால் அந்தச் சோதனையின் எந்த முடிவும் செல்லாது. கட்டுப்பாட்டை வைக்காத ஆய்வகம் இந்த இடத்தில் நோயாளியைத் தவறான பாதையில் அனுப்பிவிடும்.

புதிய இடிடிஏ மாதிரியை 37 டிகிரியிலேயே வைத்து, அதே சூட்டில் உள்ள உப்புநீரில் கழுவி மீண்டும் செய்கிறார்கள். இப்போது கட்டுப்பாடு சுத்தம். ஐஜிஜி நெகட்டிவ், சி3டி 3+. முதல் முறை தெரிந்த ‘ஐஜிஜி’ வெறும் மாயத்தோற்றம்.

இடிடிஏ என்ற நுணுக்கத்துக்கும் இங்கே ஒரு காரணம் இருக்கிறது. இரத்தத்தை உறைய விட்டு, அதைக் குளிர்பெட்டியில் வைத்து, பிறகு அதிலிருந்து அணுக்களை எடுத்துச் சோதித்தால், நலமானவரிடம்கூட சி3டி பாசிட்டிவ் வரக்கூடும். ஏனெனில் எல்லோருடைய பிளாஸ்மாவிலும் சிறிதளவு தீங்கற்ற குளிர் எதிர்ப்பொருள் உண்டு. குழாய்க்குள்ளேயே அது அணுவில் ஒட்டி காம்ப்ளிமென்டைத் தூண்டிவிடும். இடிடிஏ கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போட்டுவிடுவதால், அவற்றை நம்பியிருக்கும் காம்ப்ளிமென்ட் சங்கிலி குழாய்க்குள் தொடங்க முடியாது. அதில் கிடைக்கும் சி3டி உடலுக்குள் படிந்தது என்று நம்பலாம்.

சி3டி மட்டும் பாசிட்டிவ் என்பதே குளிர் அக்ளூட்டினின் நோய் ஆகிவிடாது. வெப்ப வகைச் சோகையில் சுமார் பத்தில் ஒருவருக்கு சி3டி மட்டுமே தெரியும். அங்கே ஐஜிஜி, கண்டறியும் எல்லைக்குக் கீழே இருக்கும். குழந்தைகளில் வைரஸ் காய்ச்சலுக்குப் பின் திடீரென வரும் குளிர் ஹீமோகுளோபினூரியாவிலும், டோனாத் லாண்ட்ஸ்டெய்னர் எனப்படும் எதிர்ப்பொருள் குளிரில் ஒட்டி, காம்ப்ளிமென்டைப் பதித்துவிட்டுச் சூட்டில் விலகிவிடும். அதுவும் சி3டி மட்டுமே காட்டும், ஆனால் அந்த எதிர்ப்பொருள் ஐஜிஜி வகையைச் சேர்ந்தது. சில மருந்துகளால் வரும் சிதைவும் இதே முகத்தைக் காட்டலாம். ஆகவே சி3டி பாசிட்டிவ் ஆனவுடன் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, 4 டிகிரியில் குளிர் அக்ளூட்டினினின் டைட்டர் என்ன, அதாவது எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் அது அணுக்களைத் திரட்டுகிறது என்பது. 64 அல்லது அதற்கு மேல் இருந்தால், சிதைவும் சி3டியும் சேர்ந்த நிலையில், குளிர் அக்ளூட்டினின் நோய் என்று சொல்லலாம்.

நம் நோயாளிக்கு 1,024. இந்தச் சோதனைக்கான மாதிரியைக் கையாளும் விதம் கூம்ஸ் மாதிரியைக் கையாளும் விதத்துக்கு நேர்மாறான ஆபத்து கொண்டது. சீரத்தைப் பிரிக்கும் முன்பே குழாய் குளிர்ந்தால், எதிர்ப்பொருள் முழுவதும் அணுக்களில் ஒட்டிக்கொண்டு கட்டியோடு போய்விடும். மிஞ்சும் சீரத்தில் டைட்டர் பொய்யாகக் குறைந்து தெரியும். எடுத்த நொடியிலிருந்து பிரிக்கும் வரை 37 டிகிரியில் வைத்திருக்க வேண்டும்.

டைட்டரைவிட முக்கியமானது வெப்ப வீச்சு, அதாவது எத்தனை டிகிரி வரை அந்த எதிர்ப்பொருள் அணுவைப் பற்றுகிறது என்பது. 4 டிகிரியில் டைட்டர் ஆயிரமாக இருந்தாலும் 20 டிகிரியைத் தாண்டிச் செயல்படாத எதிர்ப்பொருள் உடலில் எதையும் செய்ய முடியாது, ஏனெனில் விரல் நுனிகூட அவ்வளவு குளிர்வது அரிது. டைட்டர் வெறும் 64 ஆக இருந்து 30 டிகிரி வரை பற்றக்கூடியது என்றால் அது தொல்லை தரும். நம் நோயாளியுடையது 30 டிகிரி வரை திரட்டுகிறது. சீரத்தின் எதிர்ப்பொருள்களை வகை பிரித்துக் காட்டும் இம்யூனோஃபிக்சேஷன் சோதனையில் ஐஜிஎம் கப்பா பட்டை ஒன்று. எலும்பு மஜ்ஜையில் ஒரே குலத்து பி அணுக்கள் சிறு கூட்டமாக. நிமோனியா தரும் மைக்கோபிளாஸ்மாவோ எப்ஸ்டீன் பார் வைரஸோ அண்மையில் தொற்றியதற்கான அறிகுறி இல்லை. அவற்றால் வரும் குளிர் அக்ளூட்டினின் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். அதைத் தனியாகக் குளிர் அக்ளூட்டினின் நோய்க்குறித்தொகுதி என்று அழைப்பார்கள். இந்தப் பெண்ணுக்கு இருப்பது முதன்மை நோய், அதன் வேர் மஜ்ஜையில் உள்ள அந்தச் சிறு பி அணுக் கூட்டம்.

இந்த நோயாளியிடம் ‘கூம்ஸ் பாசிட்டிவ்’ என்ற வரியை மட்டும் படித்து நாள்தோறும் 60 மில்லிகிராம் பிரெட்னிசலோன் தொடங்கியிருந்தால், நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபின் பெரும்பாலும் அங்கேயே நின்றிருக்கும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான் ஏறியிருக்கும். மண்ணீரலை எடுப்பதும் உதவாது, அணுக்கள் அழிவது கல்லீரலில். பலனளிப்பது ஐஜிஎம்மைச் சுரக்கும் பி அணுக்களைக் குறிவைப்பது: ரிட்டுக்சிமாப் தனியாகக் கொடுத்தால் சுமார் பாதிப் பேருக்குப் பலன் தருகிறது, பெண்டாமஸ்டினோடு சேர்த்தால் பலன் கூடும், நச்சுத்தன்மையும் கூடும். 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுட்டிம்லிமாப் காம்ப்ளிமென்ட் சங்கிலியின் தொடக்கத்திலேயே, சி1எஸ் என்ற நொதியில், தடுக்கிறது. அதனால் சிதைவு விரைவாக நிற்கிறது. ஆனால் விரல்கள் நீலம் பாய்வது அதனால் நிற்காது, ஏனென்றால் ஐஜிஎம் நேரடியாகத் திரட்டுவதற்குக் காம்ப்ளிமென்ட் தேவையில்லை. உடலைச் சூடாக வைத்திருப்பதும், இரத்தம் ஏற்ற நேர்ந்தால் அதைச் சூடேற்றும் கருவி வழியே ஏற்றுவதும் எந்த மருந்தோடும் சேர்ந்தே நடக்க வேண்டியவை.

இரண்டு இடங்களில் இந்தப் பிரிவினை தெளிவாக இருக்காது. ஒன்று, குளிர் அக்ளூட்டினின் நோயிலேயே சிலருக்கு சி3டியோடு ஐஜிஜியும் பலவீனமாகத் தெரியும். அதை மட்டும் வைத்து வெப்ப வகைக்கு மாற்றக்கூடாது. ஐஜிஜி பலமாகவும், குளிர் அக்ளூட்டினினின் வெப்ப வீச்சு 30 டிகிரியைத் தாண்டியும் இருந்தால், இரண்டு எதிர்ப்பொருள்களும் உண்மையாகவே சேர்ந்த கலப்பு வகை என்று எண்ண இடமுண்டு. ஆனால் அது அரிது, அந்த முத்திரை தேவைக்கு மேல் குத்தப்படுகிறது. மற்றொன்று, கடந்த மூன்று மாதங்களில் இரத்தம் ஏற்றப்பட்டவர். அவரிடம் வரும் ஐஜிஜி பாசிட்டிவ் தன் அணுக்களின் மேலா, ஏற்றப்பட்ட அணுக்களின் மேலா என்று தெரியாது. அங்கே அணுக்களிலிருந்து எதிர்ப்பொருளைக் கழற்றியெடுத்து, எந்த ஆன்டிஜென் கொண்ட அணுக்களோடு அது வினைபுரிகிறது என்று பார்க்க வேண்டும். சோதித்த எல்லா அணுக்களோடும் சேர்ந்தால் தன்னெதிர்ப்பு. குறிப்பிட்ட ஓர் ஆன்டிஜெனோடு மட்டும் சேர்ந்தால், ஏற்றிய இரத்தத்துக்கு எதிராக உடல் உருவாக்கியது, அதாவது தாமதமாக வரும் இரத்தமேற்று எதிர்வினை. இதைத் தன்னெதிர்ப்பு என்று எண்ணி மேலும் அதே வகை இரத்தம் ஏற்றினால் விளைவு கொடியது. கழற்றியெடுத்ததில் எதுவுமே வினைபுரியாவிட்டால், மருந்துகளின் பட்டியலை எடுத்துப் பார்க்கத் தொடங்க வேண்டும். செஃப்ட்ரியாக்சோனும் பிபரசிலினும் அதில் முதலில் தேட வேண்டியவை.

நெகட்டிவ் முடிவையும் அறுதியாகக் கொள்ள முடியாது. வெப்ப வகையில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வழக்கமான கூம்ஸ் நெகட்டிவாகவே வரும்: ஐஜிஜி எல்லைக்குக் கீழே இருக்கலாம், கழுவும்போது விலகும் பலவீனப் பிடி கொண்டதாக இருக்கலாம், ஐஜிஏ வகையாக இருக்கலாம். குளிர்ந்த உப்புநீரில் கழுவியும் ஜெல் முறையிலும் ஐஜிஏ மருந்தோடும் திரும்பச் செய்தால் அவர்களில் ஒரு பகுதியினர் வெளிப்படுகிறார்கள்.

நம் நோயாளிக்கு ரிட்டுக்சிமாப் கொடுத்து, ஹீமோகுளோபின் 11-க்கு ஏறி, எல்டிஹெச் இயல்புக்கு வந்த பிறகும் சி3டி 2+ என்றே நிற்கக்கூடும். சிறிதளவு ஐஜிஎம் மிஞ்சியிருந்தாலே அணுக்களில் காம்ப்ளிமென்ட் படியும், படிந்தது சி3டியாகச் சுருங்கி அணுவோடேயே சுற்றும். அதனால் தொடர் கண்காணிப்பில் பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட், எல்டிஹெச், ஹாப்டோகுளோபின், பிலிருபின் ஆகியவைதாம். மாதந்தோறும் கூம்ஸைத் திரும்பச் செய்து, அது நெகட்டிவ் ஆகவில்லை என்பதற்காக மருந்தை நீட்டுவதற்கு அடிப்படை இல்லை. வெப்ப வகையிலும் அப்படித்தான்: சோகை முழுதும் தேறி, ஸ்டீராய்டு நிறுத்திய பின்பும் பலருக்கு ஐஜிஜி பாசிட்டிவாகவே ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. பின்னாளில் வேறு காரணத்துக்காக அவர்களுக்கு இரத்தம் தேவைப்படும்போது பொருத்தம் பார்ப்பது சிக்கலாகும் என்பதால், பழைய முடிவை ஆய்வகத்துக்குத் தெரிவித்துவைப்பது மட்டும் அவசியம்.